செங்குத்துத் தொலைத்தொடுகோட்டின் இரு பக்கமும்: வளைவரை மேலே போகிறதா, கீழே போகிறதா?

கீழே உள்ள சார்பைப் பாருங்கள்.

```
f(x) = (x − 1) / ( (x + 2)(x − 3)² )
```

பகுதி பூஜ்ஜியமாகும் இடங்கள் x = −2, x = 3. அங்கே தொகுதி பூஜ்ஜியமாகவில்லை. ஆகவே இரண்டு இடங்களிலும் செங்குத்துத் தொலைத்தொடுகோடு உண்டு. இதுவரை பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் வருவதில்லை. அடுத்த கேள்வியில்தான் தடுமாற்றம்: அந்தக் கோட்டை இடப்பக்கத்திலிருந்து நெருங்கும்போது வளைவரை மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா? வலப்பக்கத்திலிருந்து நெருங்கினால் என்ன ஆகிறது?

கால்குலேட்டரை எடுத்து 2.9, 3.1 என்று போட்டுப் பார்ப்பது ஒரு வழி. பெரும்பாலும் சரியான விடை வரும், சில நேரம் ஏமாற்றிவிடும். எங்கே ஏமாற்றும் என்பதைப் பின்னால் பார்ப்போம். எந்த எண்ணையும் கணக்கிடாமல், காரணிகளின் குறியை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியும். முறை சிறியது. அது ஏன் வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால் மனப்பாடம் செய்ய எதுவும் இருக்காது.

அளவு தெரிந்ததுதான், குறிதான் தெரியாதது

முதலில் எளியது ஒன்று: 1/(x − 2). x = 2.1 என்றால் பகுதி 0.1, மதிப்பு 10. x = 2.01 என்றால் மதிப்பு 100. x = 2.001 என்றால் 1000. இடப்பக்கம் வந்தால், x = 1.99-க்குப் பகுதி −0.01, மதிப்பு −100. x = 1.999-க்கு −1000.

இரண்டு பக்கத்திலும் எண்ணின் பருமன் ஒன்றுபோலவே பெருகுகிறது. குறி மட்டும் வேறு. எந்தச் செங்குத்துத் தொலைத்தொடுகோட்டை எடுத்தாலும் இதே நிலைதான். தொகுதி பூஜ்ஜியமல்லாத ஓர் எண்ணை நெருங்க, பகுதி பூஜ்ஜியத்தை நெருங்கினால், விகிதத்தின் பருமன் வரம்பில்லாமல் வளர்ந்தே ஆக வேண்டும். ஆகவே "எவ்வளவு" என்ற கேள்விக்கு விடை முன்பே கையில் இருக்கிறது. மிச்சம் இருப்பது "ப்ளஸா, மைனஸா" என்பதுதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டே சாத்தியங்கள், +∞ அல்லது −∞.

குறியை மட்டும் கண்டுபிடிக்க எண்களைப் பெருக்கி வகுக்கத் தேவையில்லை. எத்தனை காரணிகள் மைனஸாக இருக்கின்றன என்று எண்ணினால் போதும். அந்த எண்ணிக்கை இரட்டை என்றால் விடை ப்ளஸ், ஒற்றை என்றால் மைனஸ். காரணி தொகுதியில் இருக்கிறதா, பகுதியில் இருக்கிறதா என்பது குறிக்குப் பொருட்டே அல்ல. பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் குறி விதி ஒன்றே.

அசையும் காரணி ஒன்று, மற்றவை அசையாதவை

முறையின் உயிர்நாடி இதுதான். மேலே உள்ள f(x)-இல் x = 3-க்கு அருகே நின்று ஒவ்வொரு காரணியையும் கவனியுங்கள். (x − 1) என்பது 2.9-இல் 1.9, 3.1-இல் 2.1. அதாவது 2-க்கு அக்கம்பக்கத்திலேயே இருக்கிறது, குறி மாற வாய்ப்பில்லை. (x + 2) என்பது 4.9-லிருந்து 5.1-க்குப் போகிறது. அதுவும் ப்ளஸாகவே நிற்கிறது. (x − 3) மட்டும்தான் −0.1-லிருந்து +0.1-க்குத் தாவுகிறது.

எந்தத் தொலைத்தொடுகோட்டின் அருகே நின்றாலும் அந்த இடத்தில் பூஜ்ஜியமாகும் காரணி மட்டுமே குறி மாற முடியும். மற்ற காரணிகள் அங்கே பூஜ்ஜியமல்லாத ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால், போதுமான அளவு நெருங்கினால் அவற்றின் குறி உறைந்துபோகிறது. ஆகவே உறைந்த காரணிகளில் 2.9, 3.1 என்றெல்லாம் போட வேண்டாம். நேராக 3-ஐயே போட்டுக் குறியைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு காரணியில் மட்டும் "3-ஐவிடச் சற்றுக் குறைவு", "3-ஐவிடச் சற்று அதிகம்" என்று இரண்டு முறை யோசித்தால் போதும்.

இப்போது நம் சார்பை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். x = −2-ல் தொடங்கலாம், அதுதான் கொஞ்சம் வழுக்கும் இடம்.

x = −2-ல் பூஜ்ஜியமாகும் காரணி (x + 2). மற்றவற்றில் −2-ஐப் போடுகிறோம். (x − 1) என்பது −3, ஆக மைனஸ். (x − 3)² என்பது (−5)² = 25, ஆக ப்ளஸ். இந்த இரண்டின் குறிகள் இரு பக்கத்துக்கும் பொது.

```
             (x − 1)   (x − 3)²   (x + 2)    f(x)
−2-க்கு இடம்      −          +          −         +
−2-க்கு வலம்      −          +          +         −
```

−2-க்கு இடப்பக்கம் x என்பது −2.01 போன்ற எண். அப்போது x + 2 = −0.01, மைனஸ். மொத்தம் இரண்டு மைனஸ், விடை ப்ளஸ், வளைவரை மேலே போகிறது. வலப்பக்கம் x என்பது −1.99 போன்றது. x + 2 = 0.01, ப்ளஸ். ஒரே ஒரு மைனஸ் மிச்சம், வளைவரை கீழே போகிறது. முறைப்படி எழுதினால், x → −2⁻ எனில் f(x) → +∞. x → −2⁺ எனில் f(x) → −∞.

சரிபார்க்க வேண்டுமென்றால் x = −2.01 போடுங்கள்: தொகுதி −3.01, பகுதி −0.01 × 25.1001, விடை ஏறக்குறைய 11.99. x = −1.99-க்கு ஏறக்குறைய −12.01. குறிகள் பொருந்துகின்றன.

12 என்பது அவ்வளவு பெரிய எண்ணாகத் தெரியவில்லையே என்று தோன்றலாம். இங்கே உறைந்த காரணிகள் −3-ம் 25-ம். அவற்றின் விகிதம் −0.12. ஆகவே −2-க்கு அருகே f(x) என்பது ஏறக்குறைய −0.12/(x + 2) போல நடந்துகொள்கிறது. x + 2-ஐ இன்னும் பத்தில் ஒரு பங்காக்கினால் மதிப்பு பத்து மடங்காகும். உறைந்த காரணிகள் குறியைச் சொல்வதோடு எவ்வளவு வேகமாக ஏறும் என்பதையும் சொல்லிவிடுகின்றன.

அடுத்து x = 3. உறைந்தவை: (x − 1) → 2, ப்ளஸ், (x + 2) → 5, ப்ளஸ். பூஜ்ஜியமாகும் காரணி (x − 3)². x − 3 இடப்பக்கத்தில் மைனஸ், ஆனால் வர்க்கமானதும் ப்ளஸ். வலப்பக்கத்திலும் ப்ளஸ். ஆக இரண்டு பக்கத்திலும் வளைவரை மேலேயே போகிறது. x = 2.99-க்கு மதிப்பு ஏறக்குறைய 3988, 3.01-க்கு ஏறக்குறைய 4012. −2-க்கு அருகே இதே தொலைவில் 12 வந்தது, இங்கே நாலாயிரம். வர்க்கம் இருப்பதால் பகுதி 0.01-க்குப் பதில் 0.0001 ஆகிவிடுகிறது.

கிடைத்த விடைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். −2-க்கு வலப்பக்கம் வளைவரை −∞-லிருந்து புறப்படுகிறது. 3-க்கு இடப்பக்கம் +∞-க்குப் போகிறது. இடையில் எங்கும் முறிவு இல்லை. ஆகவே நடுவே x-அச்சைக் கடந்தே ஆக வேண்டும். கடக்கிறதா? தொகுதி பூஜ்ஜியமாகும் x = 1 சரியாக அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. f(0) = −1/18 என்பதும் 1-க்கு இடப்பக்கம் மைனஸ் என்பதை உறுதிசெய்கிறது. குறிகளில் ஒன்று தவறாகியிருந்தால் இந்த இடத்தில் கதை ஒட்டாமல் போயிருக்கும்.

படி ஒற்றையா, இரட்டையா

மேலே பார்த்ததிலிருந்தே ஒரு விதி தானாக விழுகிறது. பூஜ்ஜியமாகும் காரணியின் படி ஒற்றையாக இருந்தால் (1, 3, 5) அது கோட்டைக் கடக்கும்போது குறி மாறும், வளைவரை ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் போகும். படி இரட்டையாக இருந்தால் (2, 4) குறி மாறாது, இரு பக்கமும் ஒரே திசை.

இதில் ஒரு தவறான முடிவு அடிக்கடி ஒட்டிக்கொள்கிறது: "வர்க்கம் என்றால் இரண்டு பக்கமும் மேலே." அப்படி இல்லை. வர்க்கம் சொல்வது "ஒரே திசை" என்பதை மட்டும்தான், எந்தத் திசை என்பதை உறைந்த காரணிகளே சொல்லும். (x − 5)/(x − 3)² என்பதில் x = 3 போட்டால் தொகுதி −2. ஆக இரு பக்கமும் கீழே.

எங்கே தவறுகிறது

முதலாவது, குறை எண்ணின் இடப்பக்கம் எது என்பது. −2-க்கு வலப்பக்கம் என்றதும் கை தானாக −2.1 என்று எழுதிவிடுகிறது. 2.1 என்பது 2-க்கு வலப்பக்கம் என்ற பழக்கம் காரணம். எண்கோட்டில் வலப்பக்கம் போனால் எண் பெரிதாக வேண்டும், −2-ஐவிடப் பெரியது −1.9. இங்கே பிசகினால் விடை இரண்டும் இடம் மாறிவிடும். மாணவரின் குறி அட்டவணை சரியாக இருந்து வரைபடம் மட்டும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருந்தால், காரணம் பெரும்பாலும் இதுவே. −2⁺ என்ற குறியீட்டிலும் இதே குழப்பம் உண்டு. முன்னால் உள்ள மைனஸ் எந்த இடம் என்பதைச் சொல்கிறது, மேலே உள்ள ப்ளஸ் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. இரண்டுக்கும் தொடர்பில்லை.

இரண்டாவது, திருப்பி எழுதப்பட்ட காரணி. x/(3 − x) என்பதில் பகுதி 3-க்கு இடப்பக்கம் ப்ளஸ், வலப்பக்கம் மைனஸ். (x − 3) என்று பழகிய கண் இதையும் அப்படியே படித்துவிடும். எல்லாக் காரணியையும் (x − a) வடிவத்துக்கு முதலிலேயே கொண்டுவந்துவிட்டு, வெளியே வரும் மைனஸைத் தனிக் காரணியாக அட்டவணையில் ஒரு நிரலாகவே போட்டுவிடுவது பாதுகாப்பானது. எடுத்துக்காட்டாக 6 − x − x² என்பது −(x + 3)(x − 2). முன்னால் உள்ள அந்த −1-ஐத் தொலைத்துவிட்டால் எல்லா விடையும் தலைகீழாகும்.

காரணிப்படுத்த முடியாத x² + 4 போன்ற உறுப்பு வந்தால் பயப்பட வேண்டாம். எந்த மெய்யெண்ணுக்கும் அது ப்ளஸ்தான், அட்டவணையில் சேர்க்காமலே விட்டுவிடலாம்.

மூன்றாவது, அடிபடும் காரணி. (x² − x − 6)/(x² − 9) என்பதைப் பிரித்தால் (x − 3)(x + 2) / ((x − 3)(x + 3)). x = 3-ல் பகுதி பூஜ்ஜியம்தான், ஆனால் தொகுதியும் பூஜ்ஜியம். (x − 3) அடிபட்ட பிறகு (x + 2)/(x + 3) மிச்சம், 3-க்கு அருகே அது 5/6-ஐ நெருங்குகிறது. அங்கே தொலைத்தொடுகோடு கிடையாது, வளைவரையில் ஒரு புள்ளி மட்டும் துளையாக விடுபட்டிருக்கும். தொலைத்தொடுகோடு x = −3-ல் மட்டுமே. அடிபடுதல் முழுமையாக இல்லாமலும் போகலாம். (x − 3)/(x − 3)³ என்றால் பகுதியில் (x − 3)² மிஞ்சும், படி மூன்று அல்ல, இரண்டு. ஆகவே ஒற்றையா இரட்டையா என்று பார்ப்பதற்கு முன் அடிக்க வேண்டியதை அடித்துவிட வேண்டும்.

நான்காவதுதான் நுட்பமானது, கால்குலேட்டர் ஏமாற்றும் இடம். இந்தச் சார்பை எடுத்துக்கொள்வோம்:

```
g(x) = (x − 2.1) / (x − 2)
```

2-க்கு வலப்பக்கம் என்ன ஆகிறது என்று பார்க்க x = 3 போட்டால் 0.9/1 = 0.9, ப்ளஸ். x = 2.5 போட்டால் 0.4/0.5 = 0.8, அதுவும் ப்ளஸ். "வலப்பக்கம் மேலே" என்று எழுதத் தோன்றும். உண்மையில் வலப்பக்கம் அது கீழே போகிறது. x = 2.01 போட்டால் −0.09/0.01 = −9. x = 2.001-க்கு −99. ஏன் ஏமாந்தோம்? தொகுதி 2.1-ல் பூஜ்ஜியமாகிறது. அந்த இடத்தைத் தாண்டிச் சோதித்ததால் தொகுதியின் குறி மாறிய பிறகு உள்ள மதிப்பைப் பார்த்திருக்கிறோம். "சற்று வலப்பக்கம்" என்பதற்கு எவ்வளவு சற்று? தொலைத்தொடுகோட்டுக்கும் அந்தப் பக்கம் அடுத்து வரும் எந்தக் காரணியின் பூஜ்ஜியத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். இங்கே அந்த இடைவெளி 0.1 மட்டுமே.

காரணி முறையில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. (x − 2.1)-ல் நேராக 2-ஐப் போடுகிறோம், −0.1, மைனஸ். (x − 2) வலப்பக்கம் ப்ளஸ். ஒரு மைனஸ், ஆகவே −∞. சோதனை எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லாததால் தவறாகத் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. கால்குலேட்டரை விட்டுவிட்டு இந்த முறையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

விடையை எழுதும்போது

இரு பக்கமும் +∞ என்றால் x → 3 எனும்போது எல்லை ∞ என்று ஒரே வரியில் எழுதலாம். ஒரு பக்கம் +∞, மறுபக்கம் −∞ என்றால் அப்படி எழுதக்கூடாது. இரண்டு ஒருபக்க எல்லைகளையும் தனித்தனியாக எழுதி, இருபக்க எல்லை இல்லை என்று சொல்ல வேண்டும். முதல் வகையிலும் ∞ ஓர் எண் அல்ல, மதிப்புகள் எப்படி வளர்கின்றன என்பதை அந்தக் குறி சுருக்கமாகச் சொல்கிறது, அவ்வளவே.

இதே முறை விகிதமுறு சார்புகளோடு நின்றுவிடுவதில்லை. tan x = sin x / cos x. x = π/2-ல் sin x = 1, உறைந்த ப்ளஸ். cos x அங்கே இடப்பக்கம் ப்ளஸ், வலப்பக்கம் மைனஸ். ஆகவே இடப்பக்கம் +∞, வலப்பக்கம் −∞. ஆனால் ln x-க்கு இந்த முறை செல்லாது. அதற்கும் x = 0-ல் செங்குத்துத் தொலைத்தொடுகோடு உண்டு, என்றாலும் பூஜ்ஜியமாகும் பகுதி எதுவும் அங்கே இல்லை. இடப்பக்கத்தில் சார்பே வரையறுக்கப்படவில்லை. பகுதி பூஜ்ஜியமாவதால் வரும் தொலைத்தொடுகோடுகளுக்கு மட்டுமே குறி எண்ணும் முறை.

குறியைக் கண்ணால் பார்க்கும் இடம்

குவிலென்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், குவியத் தூரம் 10 செ.மீ. பொருள் லென்ஸிலிருந்து u செ.மீ. தூரத்தில், பிம்பம் v செ.மீ. தூரத்தில். பொருளின் தூரத்தையும் மெய் பிம்பத்தின் தூரத்தையும் மிகையாக எடுத்துக்கொண்டால் 1/u + 1/v = 1/10. இதிலிருந்து

```
v = 10u / (u − 10)
```

தொலைத்தொடுகோடு u = 10-ல், அதாவது பொருள் சரியாகக் குவியத்தில் இருக்கும்போது. 10u உறைந்த ப்ளஸ், 100-க்குப் பக்கத்தில். (u − 10) ஒற்றைப் படி, ஆகவே குறி மாறும். வலப்பக்கம் +∞, இடப்பக்கம் −∞.

பொருளை 10.1 செ.மீ. தூரத்தில் வைத்தால் v = 101/0.1 = 1010 செ.மீ. லென்ஸின் மறுபக்கத்தில் பத்து மீட்டருக்கும் அப்பால், திரையில் பிடிக்கக்கூடிய, தலைகீழான மெய் பிம்பம். அதே பொருளை இரண்டு மில்லிமீட்டர் மட்டும் லென்ஸை நோக்கி நகர்த்தி 9.9 செ.மீ.-ல் வைத்தால் v = 99/(−0.1) = −990 செ.மீ. மைனஸ் என்றால் பிம்பம் பொருள் இருக்கும் பக்கத்திலேயே இருக்கிறது என்று பொருள். திரையில் பிடிக்க முடியாத, நேரான மாய பிம்பம் அது. லென்ஸ் வழியாகப் பார்த்தால் மட்டுமே தெரியும், பூதக்கண்ணாடியில் எழுத்துகள் பெரிதாகத் தெரிவதுபோல. சரியாக 10-ல் வைத்தால் ஒரு புள்ளியிலிருந்து வரும் கதிர்கள் லென்ஸைவிட்டு ஒன்றுக்கொன்று இணையாக வெளியேறுகின்றன, எங்கும் சந்திப்பதில்லை.